நான் அழித்த விடைகள்

என் மகளுக்குப் பதினாறு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் எழுதிய விடைகளை அழிறப்பரால் அழித்தவன் நான். பழியை வேறு யார் மேலும் போட முடியாது. கூட இருந்தவர் ஒருவர் வழி காட்டினார் என்பது உண்மைதான், ஆனால் அழிறப்பர் என் கையில்தான் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு வருடம் பிடித்திருக்கிறது. ரோசக்காரன் என்று ஊரில் பெயர் எடுத்தவன் நான். அந்த ரோசம் எதற்கும் உதவவில்லை.

எண்பதுகளின் கடைசி. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீடு வாங்கி, மேலே இரண்டு அறைகளை ஊரிலிருந்து வந்த பொடியன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். நான் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவன். லண்டனில் பெற்றோல் ஸ்டேசன் கல்லாவில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். மனைவி ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை. மகள் ஒரே பிள்ளை. சரியாகப் படித்தால் டொக்டர் என்று அவள் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே முடிவு செய்துவிட்டேன். எனக்கு அந்தக் காலத்தில் ஒருசில புள்ளிகளால் மருத்துவபீடம் தவறியது. அதை நான் யாரிடமும் சொல்லாத நாள் கிடையாது.

எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் சப்பாத்துக் குவியல். நாங்கள் மூன்று பேர், மேலே நாலு பொடியன்கள், அவர்களைப் பார்க்க வருகிற கூட்டம். கதவைத் திறந்தால் காலில் இடறும். மகள் ஒருநாள் தாயின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே தவழ்ந்து தவழ்ந்து அளந்தாள். பிறகு எல்லோருடைய சப்பாத்துகளையும் அளந்தாள். கட்டம் போட்ட தாளில் என்னவோ கீறினாள். அடுத்த தெருவில் யாரோ வெளியே எறிந்திருந்த அலுமாரியின் பலகைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே மரவேலையும் வடிவமைப்பும் சேர்த்துப் படிப்பிக்கிற ஒரு பாடம் இருந்தது, அவள் அதை எடுத்திருந்தாள். ஆறு கிழமை கழித்து ஒரு சப்பாத்துத் தட்டு வந்தது. படிக்கட்டின் சரிவுக்கு ஏற்றபடி ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்து, பதினொரு அறைகள். தள்ளிவிட்டால் ஒரு நூல் இடைவெளி இல்லாமல் உள்ளே போய் நின்றது.

வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். "அண்ணை, இது எங்கை வாங்கினனீங்கள்?"

"குறொய்டனிலை ஒரு கடையிலை" என்றேன். ஒரு முறை இல்லை, நாலைந்து முறை. மகள் பக்கத்தில் நிற்கும்போதும் அப்படித்தான் சொன்னேன்.

ஏன் என்று கேட்டால், உள்ளதைச் சொல்கிறேன். மரவேலை எங்கள் ஊரில் இன்னாருடைய வேலை என்று பிரித்து வைத்திருந்தோம். கடலைத் தாண்டி வந்து, வெள்ளைக்காரனின் காருக்குப் பெற்றோல் விற்கிறவன், அந்தக் கணக்கை மட்டும் சூட்கேசில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். என் மகள் வாளும் உளியும் பிடிக்கிறாள் என்று நாலு பேருக்குத் தெரிவது எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அதை எழுத அதைவிட வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடம் மாசி மாதம் அவளுக்குக் கொப்பளிப்பான் அம்மை வந்து இரண்டு கிழமை வீட்டில் கிடந்தாள். அந்த நேரத்தில்தான் வகுப்பில் எல்லோரும் ஒரு ஃபோர்ம் நிரப்பியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடிந்தபின் என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று பிள்ளைகளுக்கு வழி சொல்வதற்கான ஃபோர்ம். இவள் வராதபடியால், வீட்டில் நிரப்பித் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பில் நிரப்பியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்காது. ஒரு கொப்பளிப்பானுக்கு இவ்வளவு செய்ய முடியுமா என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கதிரையில் காலை மடித்துக்கொண்டு இருந்து, கால்மணி நேரத்தில் நிரப்பிவிட்டுப் போய் ரீவி பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. கால்மணி நேரத்தில் முடிகிற பரீட்சை என்ன பரீட்சை?

சனிக்கிழமை மத்தியானம் அதை எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கேள்விகள். ஒவ்வொன்றிலும் இரண்டு வேலைகள், இரண்டில் எது உனக்குக் கூடப் பிடிக்கும் என்று பென்சிலால் கோடு போட வேண்டும். பழுதான மணிக்கூட்டைத் திருத்துவதா, நோயாளி ஒருவரைக் கவனிப்பதா. மரத்தால் ஒரு சாமான் செய்வதா, இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதா. ஒரே வேலை வேறு வேறு சோடியோடு திரும்பத் திரும்ப வந்தது. கடைசிப் பக்கத்தில் உனக்கு எது கைவந்தது என்றும், வேலையில் உனக்கு எது முக்கியம் என்றும் கேட்டிருந்தார்கள். நல்ல சம்பளமா, நிலையான வேலையா, மற்றவர்களுக்கு உதவுவதா, சொந்தமாக யோசித்து ஒன்றை உருவாக்குவதா என்று எட்டு இருந்தன, முக்கியத்துக்கு ஏற்றபடி இலக்கமிட வேண்டும். இந்தத் தாள்கள் ஒரு கொம்பியூட்டருக்குப் போகும், அது பிள்ளைக்குப் பொருத்தமான வேலைகளை அச்சடித்து அனுப்பும்.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இது பரீட்சை அல்ல, சரி பிழை கிடையாது என்று போட்டிருந்தது. அதை வாசித்ததும் எனக்கு இன்னும் சந்தேகம் வந்தது. எங்களுக்குத் தெரியாத கதையா? பரீட்சை இல்லை என்று சொல்லித்தான் பரீட்சை வைப்பார்கள் என்று நினைத்தேன்.

அன்று மாஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தார். ஊரில் இரசாயனம் படிப்பித்தவர், இப்போது என்னோடு பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுப்பார். அவரிடம் ஃபோர்மை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

"இது கொம்பியூட்டர் பாக்கிற பேப்பர். அதுக்கு ஒண்டும் தெரியாது, நாங்கள் என்னத்தைக் குடுக்கிறமோ அதைத்தான் திருப்பித் தரும்" என்றார். "டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை எண்டால் விடை எல்லாம் ஒரே பக்கமாய்ப் போகோணும். இதென்ன, பிள்ளை மரவேலை வந்த இடமெல்லாம் கோடு போட்டு வைச்சிருக்கு. ஆரும் பாத்தால் சிரிப்பினம். முதல்லை இதை அழியும்."

அழித்தேன். ஒவ்வொன்றாக அழித்தேன். மாஸ்டர் சரியான விடையைச் சொல்லச் சொல்ல, அவளுடைய கோட்டின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் நான் கோடு போட்டேன். கச்சேரியில் இருபது வருடம் ஃபோர்ம் நிரப்பியவன், கை சுத்தம். தாளில் ஒரு அடையாளம் தெரியாது.

மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவள் பார்த்துவிட்டாள். தட்டத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"அப்பா, அது எனக்கு விருப்பமானதை எழுதுற பேப்பர்."

"உனக்கு என்ன விருப்பமெண்டு எனக்குத் தெரியாதோ?" என்றேன்.

குசினியிலிருந்து மனைவிதான் குரல் கொடுத்தாள். "இஞ்சேருங்கோ, அவள் போட்டதை விடுங்கோவன். அவளின்ரை பேப்பர்தானே."

"நீர் உம்மடை வேலையைப் பாரும்" என்றேன். மாஸ்டர் முன்னால் என்னைத் திருத்தினால் எனக்குப் பொறுக்காது. கடைசிப் பக்கத்தில் சொந்தமாக ஒன்றை உருவாக்குவது என்பதற்கு அவள் போட்டிருந்த ஒன்று என்ற இலக்கத்தையும் அழித்துவிட்டு, அதை எட்டாவதாகப் போட்டேன். கைவந்தது என்ன என்ற இடத்தில் அவள் அளவெடுப்பது, கீறுவது, இடத்தை மனதுக்குள் பார்ப்பது என்று எழுதியிருந்தாள். இடத்தை மனதுக்குள் பார்ப்பது என்றால் என்ன என்று மாஸ்டரும் நானும் சிரித்தோம். விஞ்ஞானம், கணிதம் என்று மாற்றினேன். சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பங்குனியில் அச்சடித்த தாள் வந்தது. இரண்டு ஓரத்திலும் துளை போட்ட நீளமான தாள். மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளர், மிருக வைத்தியர் என்று கொம்பியூட்டர் வரிசையாக அடித்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ கொப்பி எடுத்து வேலைத்தலத்துக்குக்கூடக் கொண்டுபோனேன். "கொம்பியூட்டரே சொல்லிப்போட்டுது" என்று காட்டினேன். நானே எழுதிய பொய்யை இயந்திரம் திருப்பிச் சொன்னதும் அதை உண்மையென்று நம்பிவிட்டேன். என்னைப்போல மடையன் ஒருவனை நான் கண்டதில்லை.

தாளோடு கதை முடியாது. கவுன்சிலில் இருந்து ஒரு வேலை வழிகாட்டி அலுவலர் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேசுவார். பெற்றோர் விரும்பினால் கூட இருக்கலாம். நான் விடுவேனா? ஷிப்டை மாற்றிக்கொண்டு கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன்.

நூல் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அலுவலர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். எங்கள் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசினார். மலேசியாவில் பிறந்தவர், இங்கே படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எனக்கு மனதுக்குள் பெரிய சந்தோசம். எங்கள் ஆள், சொன்னால் விளங்கும் என்று நினைத்தேன்.

அவர் அச்சடித்த தாளை ஒரு பக்கத்தில் வைத்தார். வகுப்பு ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளை மறுபக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஐயா, இந்த வயசுப் பிள்ளைங்க விடை இவ்வளவு ஒழுங்கா வராது" என்றார். "அங்கொண்ணு இங்கொண்ணுதான் இருக்கும். இது ஒரே நேர்க்கோடா போகுது. டீச்சருங்க எழுதினது வேற மாதிரி இருக்கு. வடிவமைப்புப் பாடத்துல இந்தப் பிள்ளை மாதிரி பல வருசமா வரலைன்னு எழுதியிருக்காங்க. இந்தத் தாள் முடிவு சொல்றது இல்ல, பேச ஆரம்பிக்கிறதுக்குத்தான்." பிறகு மகளைப் பார்த்தார். "இதை வீட்ல நீதானே நிரப்பினே?"

என் காது இரண்டும் சுட்டது. மகள் என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஓம் மிஸ். நான்தான்."

எனக்காகப் பொய் சொன்னாள். அந்த நேரம் எனக்குத் தோன்றியது நன்றி இல்லை, அப்பாடா என்ற நிம்மதி. கெட்டிக்காரப் பிள்ளை, காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன்.

அலுவலர் விடவில்லை. மேசை லாச்சியிலிருந்து ஒரு கட்டுச் சீட்டுகள் எடுத்தார். ஒவ்வொன்றிலும் வேலையில் ஒருவருக்கு முக்கியமாக இருக்கக்கூடிய ஒன்று எழுதியிருந்தது. மிக முக்கியம், ஓரளவு முக்கியம், முக்கியமில்லை என்று மூன்று வரிசையில் அடுக்கச் சொன்னார். "யோசிக்காம வை. சட்டுன்னு கை எங்க போகுதோ அங்க."

மகள் வைத்துக்கொண்டு போனாள். சம்பளம், நிலையான வேலை, மதிப்பு என்று வேகமாகப் போனது. ஒரு சீட்டு வந்தபோது கை நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். என் கையால் ஒன்றை உருவாக்குவது. அவள் கை அந்தரத்தில் நின்றது. அலுவலர் அசையாமல் இருந்தார். மகள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

கேட்கிற பார்வை அது. அதை நான் இப்போது அறிவேன். ஓம் என்று நான் தலையை ஒரு சின்ன ஆட்டு ஆட்டியிருந்தால் போதும். நான் புருவத்தை உயர்த்தினேன். அவள் அந்தச் சீட்டை முக்கியமில்லை என்ற வரிசையில் வைத்தாள், மேல் இருந்த சீட்டோடு ஓரம் பிசகாமல் நேராக்கியும் விட்டாள்.

"ஐயா கொஞ்சம் வெளிய உக்காந்தா நல்லாருக்கும். ஒரு பத்து நிமிசம்" என்றார் அலுவலர்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஏன், நான் இருந்தா என்ன? இவள் என்ரை பிள்ளை."

"ஆமா ஐயா, உங்க பிள்ளைதான். ஆனா வேலைக்குப் போகப்போறது அவதானே. தளபாடம் வடிவமைக்கிறது, கட்டடத்துக்கு வரைபடம் போடுறது, இதுக்கெல்லாம் நல்ல கல்லூரி கிழக்கு லண்டன்லயே இருக்கு. ஒரு நாள் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. அடுத்த ரெண்டு வருசம் ஏ லெவல்ல கணிதத்தோட வடிவமைப்பையும் எடுத்தாக்கூடக் கதவு எல்லாம் திறந்திருக்கும். இப்பவே மூடிடாதீங்க."

"உமக்குப் பிள்ளையள் இருக்கோ?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. இல்லை என்றார்.

"அப்ப உமக்கு விளங்காது" என்று சொல்லி எழும்பினேன். மகளையும் எழுப்பினேன். யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி அது. பின்னாளில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டார் என்றார்கள். சந்திப்பின் முடிவை எழுதி ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தது. அடுத்த படி என்ற இடத்தில், கல்லூரியை எல்லோருக்கும் திறந்து காட்டும் நாளில் போய்ப் பார்ப்பது என்றும், ஏ லெவல் பாடங்களைப் பற்றி மறுபடி பேசுவது என்றும் இருந்தது. நான் அதை மடித்து ஒரு கோப்பில் வைத்தேன். போகவில்லை.

பிறகு நடந்ததை விரித்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. இரசாயனம், உயிரியல், பௌதிகம் எடுத்தாள். மாஸ்டர் ஞாயிறு தோறும் வந்தார். மகள் ஒருபோதும் படிக்க மாட்டேன் என்று சொன்னது கிடையாது, அதைச் சொல்லியிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் சுகமாக இருக்கும். புத்தகத்தைத் திறந்துவைத்து அதன் முன்னால் மணிக்கணக்காக இருப்பாள். பல்கலைக்கழக ஃபோர்மில் ஐந்து இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றையாவது வேறு பாடத்துக்குப் போடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். ஐந்தையும் மருத்துவத்துக்கே போடச் செய்தேன். ஐந்து இடத்திலிருந்தும் இல்லை என்று வந்தது. பரீட்சைப் பெறுபேறும் அப்படித்தான். ஒரு வருடம் திரும்ப எடுத்தாள், இரசாயனம் அசையவில்லை. கடைசியில் மிஞ்சிக் கிடந்த இடங்களில் தேடி, ஒரு பொலிரெக்னிக்கில் உயிரியல் கிடைத்தது. அதை முடித்து ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் வெளியே சொல்லும்போது "மகள் ஆஸ்பத்திரியிலை" என்று மட்டும் சொல்வேன், கேட்கிறவர் மிச்சத்தைத் தானாக நிரப்பிக்கொள்வார்.

அந்த வருடங்களில் அவள் எதையும் அளக்கவில்லை, கீறவில்லை. பொடியன்கள் மாறிமாறி வந்தார்கள், சப்பாத்துத் தட்டு அப்படியே நின்றது. ஒருநாள் அதன் ஒரு பலகை கழன்றபோது, "பிள்ளை, இதை ஒருக்காப் பாரன்" என்றேன். "கடையிலை வாங்கினதுதானே அப்பா, புதுசு வாங்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நானே ஆணி அடித்தேன், கோணலாகத்தான் நின்றது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அவள் லண்டனின் வட கோடியில் எட்மண்டனில் ஒரு சின்ன ஃபிளாட் எடுத்துத் தனியாக இருந்தாள். வேலைக்குக் கிட்ட என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனைக் குறுக்கே கடந்து வந்து தாயோடு சாப்பிட்டுவிட்டுப் போவாள். ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு பையிலிருந்து ஒரு ஃபோர்மை எடுத்து மேசையில் வைத்தாள். அவர்களுடைய ஆய்வுகூடத்தை இன்னொன்றோடு சேர்க்கப்போகிறார்கள், பாதிப் பேருக்கு வேலை போகும். போகிறவர்களுக்கு வழி காட்ட ஒரு ஆலோசகரை வைத்திருக்கிறார்கள். அவரைச் சந்திக்கும் முன் இதை நிரப்பிக்கொண்டு போக வேண்டும்.

எட்டிப் பார்த்தேன். அதே மாதிரிச் சோடிகள். சரி பிழை கிடையாது என்ற அதே வசனம்.

"நாலு நாளாய் வைச்சிருக்கிறன் அப்பா" என்றாள். "ஏலாமல் கிடக்கு. ஒவ்வொரு கேள்வியைப் பாக்கேக்கையும் சரியான விடை எதெண்டுதான் தேடுறன். எனக்கு எது விருப்பமெண்டு தெரியேல்லை."

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது.

"அண்டைக்கு நான் முதல்லை என்ன போட்டனான்?" என்று கேட்டாள். "நீங்கள் அழிக்க முன்னம். எனக்கு மறந்துபோச்சு. உங்களுக்கு ஞாபகமிருக்கோ?"

குசினியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அதை நிறுத்தினாள்.

எனக்கு ஞாபகம் இருந்தது. அழித்தவனுக்கு மறக்காது. மணிக்கூட்டைத் திருத்துவது என்று போட்டாய் என்றேன். அறை ஒன்றுக்கு வரைபடம் கீறுவது என்று போட்டாய். மரத்தால் சாமான் செய்வது வந்த இடமெல்லாம் போட்டாய். சொந்தமாக ஒன்றை உருவாக்குவதுக்கு ஒன்று என்று இலக்கமிட்டாய். கைவந்தது என்ற இடத்தில், இடத்தை மனதுக்குள் பார்ப்பது என்று எழுதினாய். மாஸ்டர் அன்று எனக்குச் சொல்லிக்கொண்டு போனதுபோலவே நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டு போனேன், அவள் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தாள்.

"பிள்ளை, நான் செய்தது பிழை" என்றேன். "பெரிய பிழை."

அவள் தலையாட்டினாள். போட்ட கோடுகளை மேலிருந்து கீழே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"இதுவும் நீங்கள் சொல்லித்தானே அப்பா போடுறன்" என்றாள். "பதினாறு வயதிலை ஒருத்தி இருந்தவள். அவளுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. எனக்கு அவளைத் தெரியாது."

என்னிடம் அழிறப்பர் கேட்டாள். லாச்சியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக அழித்தாள், தாள் கசங்காமல், மெதுவாக. தூளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தாள். பிறகு வெறும் ஃபோர்மை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"என்ன செய்யப்போறாய்?" என்று தாய் கேட்டாள்.

"வெறுமையாய்க் கொண்டுபோறன் அம்மா. தெரியாதெண்டு சொல்லுறன்."

வாசலில் அவளுடைய சப்பாத்து, அந்தத் தட்டில் மூன்றாவது அறையில் இருந்தது. பள்ளிக்கூட வயதில் தனக்கென்று அவள் அளந்து வைத்த அறை அது. குனிந்து எடுத்துப் போட்டாள். நான் ஆணி அடித்த கோணல் பலகையை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"ரெயில் பிந்தினால் போன் பண்ணு" என்றேன்.

"ஓம் அப்பா. போயிட்டு வாறன்" என்றாள்.